நேர்காணல் நாள் விற்பனைக்கு: விசா அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தூதரக விசாப் பிரிவு அதிகாரிகளுக்கும், அவர்களுக்காக முன்பதிவுத் தளங்களை நடத்தும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் தளத்தில் மாதக்கணக்கில் ஒரு நாள்கூடக் காலியில்லை என்று காட்டும் அதே நேரத்தில், "அடுத்த வாரமே நேர்காணல், தேதி உறுதி, கூடுதல் கட்டணம் தனி" என்று சமூக ஊடகக் குழுக்களில் விளம்பரங்கள் வருவதை நீங்கள் அறிவீர்கள். "இத்தகைய இடைத்தரகர்களை நம்பாதீர்கள்" என்ற எச்சரிக்கை உங்கள் தளத்தின் முகப்பிலேயே இருக்கிறது. ஆகவே, இப்படி ஒரு வணிகம் நடக்கிறது என்று உங்களுக்குத் தெரிவிப்பதற்காக இந்த மடலை எழுதவில்லை. அது எதனால் நடக்க முடிகிறது என்பதையும், அதை நிறுத்தக்கூடிய இடம் உங்கள் கையில்தான் இருக்கிறது என்பதையும் சொல்வதற்காகவே எழுதுகிறேன்.

இரத்து செய்யப்படும் நேரங்களும் புதிதாகத் திறக்கப்படும் நேரங்களும், முதலில் சொடுக்குபவருக்கே என்ற முறையில் உங்கள் தளத்தில் வெளியாகின்றன. வேலைக்குப் போகிறவர் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். தரகரின் கணினி நிரலோ சில நொடிகளுக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டே இருக்கும். பெயரையும் கடவுச்சீட்டு எண்ணையும் பின்னர் மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் தளங்களில், அவர் ஏதோ ஒரு பெயரில் நேரத்தைப் பிடித்து வைத்துவிட்டு, வாங்குபவர் கிடைத்ததும் விவரங்களைத் திருத்திவிடுகிறார். மாற்ற அனுமதிக்காத தளங்களில், ஆள் நடமாட்டமில்லாத நள்ளிரவில் பழைய பதிவை இரத்து செய்து, அது பொதுவில் தோன்றிய மறுநொடியே வாங்குபவரின் பெயரில் பதிந்துவிடுகிறார். இரண்டுக்குமே அவருக்கு உள்ளே ஆள் தேவையில்லை. வேகம் ஒன்றே போதும்; அந்த வேகத்துக்குப் பரிசு கொடுக்கும் ஏற்பாடு உங்களுடையது.

"உறுதி" என்ற வார்த்தைக்குப் பின்னால் இருக்கும் கணக்கையும் சொல்ல வேண்டும். தரகர் பலரிடம் முன்பணம் வாங்குகிறார். எல்லோருக்காகவும் நிரல் ஓடுகிறது. சிலருக்கு நாள் கிடைக்கிறது. அவர்கள் மீதித் தொகையைக் கட்டிவிட்டு, நன்றி சொல்லி நண்பர்களுக்கும் பரிந்துரைக்கிறார்கள். கிடைக்காதவர்களில் சிலருக்குப் பணம் திரும்ப வருகிறது, சிலருக்குத் தொலைபேசியைக்கூட எடுப்பதில்லை. எப்படிப் பார்த்தாலும் தரகருக்கு நட்டமில்லை. உறுதியளிக்க அவரிடம் எதுவும் இருக்கவும் இல்லை.

இதில் விண்ணப்பதாரர் இழப்பது பணம் மட்டும் என்று நீங்கள் எண்ணக்கூடும். என் சகோதரியின் மகனுக்கு நேர்ந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எந்த நாடு, எந்த மையம் என்பது இங்கே முக்கியமல்ல. பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதம் கையில், விசாக் கட்டணமும் கட்டியாயிற்று, ஆனால் தளத்தில் தெரிந்த முதல் நாளோ வகுப்பு தொடங்கிப் பல வாரங்களுக்குப் பின்னர். தரகர் கேட்டது கணக்கின் பயனர் பெயர், கடவுச்சொல், பாதுகாப்புக் கேள்விகளுக்கான விடைகள், கடவுச்சீட்டின் நகல், வரும்போதெல்லாம் ஓடிபி. கொடுத்தார்கள். நிரல் இடைவிடாமல் நுழைந்ததில் கணக்கு முதலில் சில நாட்கள் தானாகவே பூட்டிக்கொண்டது. திறந்த பிறகு வேறொரு நகரத்தில் ஒரு நாள் கிடைத்தது. அதற்குள் கணக்கின் மின்னஞ்சல் முகவரியைத் தரகர் தம்முடையதாக மாற்றியிருந்தார். பேசிய தொகைக்கு மேல் இன்னும் கொடுத்தால்தான் உறுதிப்படுத்தும் கடிதத்தை அனுப்புவேன் என்றார். அதையும் கொடுத்தார்கள். நேர்காணலுக்கு முந்தைய நாள், தானியங்கி முறையில் பதியப்பட்டதாகக் கருதி அந்த முன்பதிவு இரத்து செய்யப்பட்டது. அறிவிப்பு போனது தரகரின் மின்னஞ்சலுக்கு. பையன் கோப்புகளோடு வாயிலில் நின்றபோதுதான், பட்டியலில் தன் பெயர் இல்லை என்று காவலர் சொல்லித் தெரிந்துகொண்டான்.

கட்டிய கட்டணம் அந்தக் கணக்கோடு பிணைக்கப்பட்டிருந்ததால் மறுபடியும் கட்ட வேண்டியதாயிற்று. உதவி மையத்துக்கு எழுதினோம். கணக்கில் பதிந்துள்ள மின்னஞ்சலிலிருந்து எழுதுமாறு கனிவோடு பதில் வந்தது. அந்த மின்னஞ்சல் யாரிடம் இருக்கிறது என்பதுதான் எங்கள் புகாரே. உங்கள் கனிவுக்கு இந்த இடத்தில் நன்றி சொல்வதா வேண்டாமா என்று எங்களுக்கு விளங்கவில்லை. அந்த ஆண்டுச் சேர்க்கை கைநழுவியது.

தரகரிடம் போனது விண்ணப்பதாரரின் தவறுதானே என்று நீங்கள் கேட்கலாம். விதிப்படி அது தவறுதான். ஆனால் தண்டனை எப்படிப் பங்கிடப்படுகிறது என்று பாருங்கள். 2025 மார்ச்சில் இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகம், தானியங்கி நிரல்கள் மூலம் பதியப்பட்ட ஏறத்தாழ 2000 முன்பதிவுகளை இரத்து செய்வதாகவும், தொடர்புடைய கணக்குகளின் முன்பதிவு உரிமையை நிறுத்திவைப்பதாகவும் வெளிப்படையாக அறிவித்தது. நோக்கம் நல்லதே. ஆயினும் முடக்கப்படும் கணக்கு பயணியுடையது; பணம் அதற்குள் தரகரின் கைக்குப் போயிருக்கும். விடுவிக்கப்பட்ட நேரங்கள் பழையபடி சொடுக்கும் வேகத்துக்கே திறக்கப்பட்டால், அவற்றைப் பிடிக்க அதே நிரல்கள்தாம் முதலில் வந்து நிற்கும்.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றே: நேர்காணல் நாளை வேகத்துக்குக் கொடுக்காதீர்கள், வரிசைக்குக் கொடுங்கள். கட்டணம் செலுத்திய தேதியின்படி ஒரு காத்திருப்போர் பட்டியல் இருக்கட்டும். ஒரு கடவுச்சீட்டு எண்ணுக்கு ஒரே இடம். அந்த எண்ணைப் பின்னர் மாற்ற வழி இருக்கக் கூடாது. புதுப்பித்த கடவுச்சீட்டு என்றால் மட்டும் ஆவணம் பார்த்து ஊழியர் மாற்றட்டும். யாராவது இரத்து செய்தால் அந்த நேரம் பொதுவில் தோன்றாமல், பட்டியலில் அடுத்து நிற்பவருக்குப் போகட்டும். அவர் குறித்த கெடுவுக்குள் ஏற்காவிட்டால் அதற்கடுத்தவருக்கு. அப்போது நொடிக்கு நூறு முறை பக்கத்தைத் திறந்தாலும் பிடிப்பதற்கு அங்கே எதுவும் இருக்காது. மருத்துவம், மரணம், வகுப்புத் தொடக்கம் போன்ற அவசரங்களுக்கு ஆவணம் பார்த்து ஒதுக்கும் தனிப் பட்டியல் தேவைப்படும். அதிலும் போலிச் சான்றுகள் வரும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் போலிச் சான்றை ஓர் அதிகாரி பார்த்துக் கண்டுபிடிக்க முடியும். நள்ளிரவில் ஒரு நொடிக்குள் நடக்கும் கைமாற்றத்தை யார் பார்ப்பது?

இது நடைமுறைக்கு ஒவ்வாது என்ற பதில் வேண்டாம். ஜெர்மன் தூதரகங்கள் சில, நீண்டகால விசாக்களுக்குக் காத்திருப்போர் பட்டியலை ஏற்கெனவே நடத்தியிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் விசா விதித்தொகுப்போ, முன்பதிவு கேட்ட நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் பொதுவாக நாள் தரப்பட வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறது. நேரங்களின் எண்ணிக்கை போதாதபோது பட்டியல் நீளும், உண்மைதான். பட்டியலால் புதிய நேரங்கள் பிறந்துவிடாது. ஆனால் தன் முறை எத்தனையாவது என்று தெரிந்தவர் அதற்கேற்பத் திட்டமிடுவார். தெரியாதவர்தான் தரகரைத் தேடிப் போகிறார்.

முகப்பில் இன்னொரு எச்சரிக்கை வாசகத்தைச் சிவப்பு எழுத்தில் சேர்ப்பதற்கு முன், முன்பதிவை வரிசைக்கு மாற்றும்படி மீண்டும் கேட்டுக்கொள்கிறோம். அது நடைமுறைக்கு வரும்வரை, கணக்கைத் தரகரிடம் பறிகொடுத்தவர்கள் தங்கள் கடவுச்சீட்டோடு நேரில் வந்து அதை மீட்கவும், கட்டிய கட்டணம் வீணாகாமல் புதிய பதிவுக்குச் செல்லவும் வழி செய்து தருமாறு பணிவோடு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பாதிக்கப்பட்ட விண்ணப்பதாரர் ஒருவரின் குடும்பத்தினர்