திருவாரூர் சாலையில் ஒரு மைல் கல்

அன்புள்ள சேகர்,

நலம். அங்கே வீட்டில் எல்லோரும் நலம்தானே? தீபாவளிக்குப் பிறகு நான் எழுதவே இல்லை. நீயாகப் போன் செய்தபோதும் இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, இது போனில் பேசி முடிகிற விஷயம் இல்லை. மணி கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டான். ஆனாலும் காலையில் வந்து அதே முக்காலியில்தான் உட்காருகிறான். பெரியவர் உன்னைக் கேட்காத நாள் இல்லை. அந்தப் பழைய கணக்கை நீயே வந்து தீர்த்துக்கொள், என்னைத் தூது அனுப்பாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் மங்கைநல்லூர் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். நவக்கிரகக் கோயில் சுற்றும் வேன் ஒன்று வந்து நின்றது. டிரைவர் தேனிக்காரர். இறங்கினதும், “மாயூரத்துல சாப்பிட்டுட்டு மயிலாடுதுறை போலாம்னு இருக்கோம். மாயூரம் தாண்டிடுச்சா?” என்று கேட்டார். ஒரு கல்லில் மாயூரம் என்றும் அடுத்த கல்லில் மயிலாடுதுறை என்றும் பார்த்துக்கொண்டே வந்தவர், இரண்டு ஊர் என்றே நினைத்துவிட்டார். டீக்கடைக்காரர், “ரெண்டும் ஒண்ணுதாங்க, மாயவரம்” என்றார். மூன்றாவதாக ஒரு பெயரைக் கேட்டதும் அந்த மனிதர் முழித்ததை நீ பார்த்திருக்க வேண்டும். “அப்ப ஏன் ரெண்டு பேர் எழுதி வெச்சிருக்கீங்க?” என்று திருப்பிக் கேட்டார். அங்கே யாரிடமும் பதில் இல்லை.

நீ உடனே சொல்வாய்: எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1982இல், மாயூரத்தை மயிலாடுதுறை ஆக்கினார்கள், அதற்கு முந்தின கல்லில் பழைய பெயர், பிந்தினதில் புதுப் பெயர், இதில் ஆராய என்ன இருக்கிறது என்று. மணியும் அதையேதான் சொன்னான். ஆனால் அந்தச் சாலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ப் பார். இரண்டு ‘மயிலாடுதுறை’ கல்லுக்கு நடுவில் ஒரு ‘மாயூரம்’ நிற்கிறது. நேற்று பெயின்ட் அடித்ததுபோல் பளபளவென்று பச்சைத் தலையோடு நிற்கிற கல்லில் பழைய பெயர்; பெயின்ட் உரிந்து கிடக்கிற கல்லில் புதுப் பெயர். வருடத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதை விளக்க முடியாது.

முதலில் கற்களைத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். கிலோமீட்டர் கல் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அதில் இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்று நிஜமான கருங்கல், உளியால் எழுத்து வெட்டி அதன்மேல் வண்ணம் தீட்டினது. இன்னொன்று அச்சில் வார்த்த கான்கிரீட், எழுத்து வெறும் பெயின்ட்தான். சாலையை அகலப்படுத்திய பகுதிகளிலும், லாரி இடித்துச் சாய்த்த இடங்களிலும் புதிதாக வார்த்து நட்ட கற்களில் பெரும்பாலும் மயிலாடுதுறை இருக்கிறது. சாலையை அகலம் பண்ணுவது ஒரே மூச்சில் நடப்பதில்லை, ஒரு வருடம் இங்கே நாலு கிலோமீட்டர், இன்னொரு வருடம் அங்கே மூன்று. ஒன்றுவிட்டு ஒன்று பெயர் மாறுவதில் பாதி இப்படி வந்தது.

மீதிப் பாதியைச் சொன்னவர் ஓய்வுபெற்ற ஒரு சாலைப் பணியாளர். கற்களுக்கு வருடக்கணக்காக வண்ணம் அடித்தவர். திண்ணையில் உட்கார்ந்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “கல்லுல வெட்டின எழுத்துன்னா அந்தப் பள்ளத்துலயே பிரஷ்ஷை ஓட்டுவோம் சார். அதை மாத்தணும்னா சிமென்ட் வெச்சுப் பூசி அடைக்கணும், அதுக்கெல்லாம் யார் கூலி குடுப்பா? கான்கிரீட் கல்லுன்னா, இருக்கறதை ஒரு சீட்டுல எழுதிக்கிட்டு, வெள்ளை அடிச்சு, காஞ்சப்புறம் அதையே திரும்ப எழுதுவோம். பேரை மாத்துன்னு எங்ககிட்ட யாரும் சொன்னதில்லை.”

எனக்கு முடிச்சு அவிழ்ந்தது இந்த இடத்தில்தான், சேகர். அரசாணை வந்தால் நகராட்சிப் பலகை மாறும், தாலுகா முத்திரை மாறும், ஸ்டேஷன் பலகை மாறும். சாலை ஓரத்துக் கல்லுக்கு அந்த ஆணை தானாகப் போய்ச் சேராது. கல்லைப் பிடுங்கி நடும் நாளில்தான் அதற்குப் பெயர் மாறும். அதுவரை வண்ணம் அடிக்கிற ஒவ்வொரு முறையும் பழைய பெயருக்கே மறுபடி உயிர் கொடுக்கிறார்கள். ரயில்வேயைப் பார், பலகையில் மயிலாடுதுறை சந்திப்பு; டிக்கெட் எடுக்க நிலையக் குறியீடு இன்றைக்கும் MV. மாயவரத்தின் எழுத்து அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

கிளம்பும்போது அந்தச் சாலைப் பணியாளர், “மைல் கல்லு ஒண்ணு இருக்கு, பார்த்தீங்களா?” என்றார். பார்த்திருக்கவில்லை. ஒரு புளியமரத்தின் வேர் அணைத்துப் பிடித்தபடி, கழுத்துவரை மண்ணில் புதைந்து கிடந்தது. பூசின சுண்ணாம்பே விரல் கனத்துக்கு இருக்கும். பகலில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. கல்வெட்டு வாசிக்கிறவர்கள் செய்வதுபோல இருட்டின பிறகு போய், டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்தேன். நேராக அடித்தால் எல்லாம் ஒரே வெள்ளை. சாய்த்துப் பிடித்தால் பள்ளத்தில் நிழல் விழும். முதலில் ஒரு கோடு, அப்புறம் ஒரு வளைவு, அப்புறம் ஆங்கிலத்தில் MAYAVARAM, அதன் கீழே 5. எழுத்தைத் தடவிப் பார்த்தபோது என் கை நடுங்கினதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

5 என்றால் ஐந்து மைல். ஒரு மைலுக்கு 1609.34 மீட்டர், ஐந்துக்கு ஏறக்குறைய 8047 மீட்டர். அப்படியானால் ஊரின் அதே இடத்திலிருந்து அளந்திருந்தால், எட்டாவது கிலோமீட்டர் கல் இதிலிருந்து 47 மீட்டர் ஊர்ப்பக்கமாக இருக்க வேண்டும். மறுநாள் மணியின் மகனைக் கூட்டிக்கொண்டு போய் டேப் பிடித்தேன். ‘மாயூரம் 8’ என்று வெட்டின கருங்கல் அங்கேதான் இருந்தது! அரை மீட்டர் முன்னே பின்னே இருக்கலாம், கல் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. மெட்ரிக் அளவைக்கு மாறியபோது சாலையைப் பழைய தொடக்கப் புள்ளியிலிருந்தே திரும்ப அளந்து கல் நட்டிருக்கிறார்கள் என்பதற்கு அந்த 47 மீட்டர்தான் சாட்சி. தொடக்கப் புள்ளி மாறியிருந்தால் இடைவெளியும் மாறியிருக்கும்.

இனிமேல் ஒரு கல்லைப் பார்த்தால் அதன் வயதைச் சொல்லிவிடுவேன். மைலும் மாயவரமும் இருந்தால் மெட்ரிக்குக்கு முந்தையது. அளவைச் சட்டம் 1956இல் வந்தது, நாம் நயா பைசா எண்ணக் கற்றது அதற்கு மறு வருடம், சாலைகள் கிலோமீட்டருக்கு மாற இன்னும் சில வருடங்கள் ஆயின. கிலோமீட்டரும், வெட்டின மாயூரமும் என்றால் அதற்கும் 1982க்கும் இடைப்பட்டது. கிலோமீட்டரும் மயிலாடுதுறையும் என்றால் அதற்குப் பிந்தையது. கான்கிரீட் கல்லில் பெயின்டால் எழுதின மாயூரத்தை மட்டும் நம்பக் கூடாது. சீட்டில் எழுதி எழுதிக் கடந்து வந்த பெயர் அது, எந்த வருடமாகவும் இருக்கலாம்.

மணியோடு ஒரு சண்டையும் நடந்தது. ‘மயிலாடுதுறை’ அரசாங்கம் திடீரென்று கண்டுபிடித்த பெயர் என்று அடித்துப் பேசினான். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தரும் அப்பரும் தேவாரத்தில் பாடின பெயர்டா அது, சுவாமி மாயூரநாதர் என்பதால் ஊர்ப் பெயரும் அவரோடு சேர்ந்து போயிருந்தது, 1982இல் திரும்பி வந்தது என்று சொன்னேன். “அப்ப ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமாங்கறதை எப்படிச் சொல்லுவ?” என்று கேட்டுவிட்டு டீயைக் குடித்தான். நீ இருந்திருந்தால் அவன் பக்கம்தான் பேசியிருப்பாய், எனக்குத் தெரியும். இத்தனை வருடம் கோயம்புத்தூரில் இருந்தும் “மாயவரத்துக்கு எப்ப வரது” என்றுதானே கேட்கிறாய்.

இப்போது எனக்கு ஒரே கவலை. அந்தப் பகுதியில் சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள். புளியமரத்தில் எண் எழுதிவிட்டார்கள். மரம் போனால் வேரோடு கல்லும் போகும். ஜேசிபிக்கு அது வெறும் கல். ஒரு அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னேன். மனு கொடுங்கள் என்றார்கள், கொடுத்தேன். இது எங்கள் பிரிவு இல்லை என்று இன்னொரு இடம் காட்டினார்கள். அங்கே ஒரு இளம் பொறியாளர் பொறுமையாகக் கேட்டார். எடுத்து ஏதாவது பள்ளிக்கூட வாசலில் நட்டுவிடலாமே என்றார். நல்ல மனசுதான். ஆனால் பள்ளி வாசலில் நட்டால் அது பெயர் வெட்டின ஒரு கல்லாக மட்டும் இருக்கும். அந்த 47 மீட்டர் போய்விடும். சாலை அகலமாகட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊரிலிருந்து அதே தூரத்தில், சாலைக்குக் குறுக்காகப் புது ஓரத்துக்கு நகர்த்தி நட்டால் போதும் என்றேன். எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். பக்கத்து மதகின் கைப்பிடிச் சுவரிலிருந்தும், மாயூரம் 8 கல்லிலிருந்தும் அளந்து, படம் போட்டு வைத்திருக்கிறேன். ஒருவேளை கல்லே போய்விட்டாலும் இடமாவது காகிதத்தில் இருக்கும்.

அதற்குத்தான் உன்னிடம் வருகிறேன். உன் அப்பா அந்தச் சாலையில்தானே ரோடு இன்ஸ்பெக்டராக இருந்தார்? ராத்திரி அரிக்கேன் விளக்கில் நீள நோட்டில் எழுதிக்கொண்டிருப்பாரே, நம்மை அந்தப் பக்கமே வர விடமாட்டார். நோட்டுகள் பரண் பெட்டியில் இருப்பதாக அண்ணி ஒருமுறை சொன்னார்கள். அறுபதுகளின் நோட்டு ஏதாவது இருந்தால் பார். கல் நட்ட தேதி, எண்ணிக்கை, எந்தப் பெயரை வெட்டச் சொன்னார்கள் என்று ஒரு வரி இருந்தால் போதும், மனுவோடு சேர்த்துக் கொடுப்பேன். பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பாதே. நோட்டையே கொண்டு வா. தை மாதத்துக்குள் வேலை ஆரம்பிக்கும் என்கிறார்கள், அதற்கு முன்னால் வர வேண்டும்.

அண்ணியிடம் கேட்டதாகச் சொல். அவர்களுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அன்புடன்,
ராஜு