உதவியாளர் செயலிகளின் ஒப்புதல் திரையை வடிவமைப்பவர்களுக்கு ஒரு மடல்

பேச்சைக் கேட்டு வேலை செய்யும் உதவியாளர் செயலிகளை உருவாக்கும் வடிவமைப்பாளர்களுக்கும் நிரலாளர்களுக்கும் வணக்கம்.

செயலிகளைப் பயனர்களிடம் கொடுத்துச் சோதிப்பது என் வேலை. ஒப்புதல் திரை என்று நான் அதிகம் பார்ப்பது ஒரே ஒரு வரியைத்தான்: "உங்கள் அனுபவத்தை மேம்படுத்தத் தரவைச் சேமிக்கிறோம்." கீழே பெரிய 'ஏற்கிறேன்' பட்டன். எது சேமிக்கப்படுகிறது, எத்தனை நாளைக்கு என்று இதைப் படித்த யாராலும் சொல்ல முடியாது.

ஒருவர் போனில் சொல்கிறார்: "நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு அம்மாவுக்குத் தைராய்டு மாத்திரை கொடுக்கணும், ஞாபகப்படுத்து." இந்த ஒரு பேச்சிலிருந்து நான்கு பொருள்கள் உருவாகலாம். முதலில் அவருடைய குரல் பதிவு. அடுத்து, அதை எழுத்தாக்கிய உரை. மூன்றாவது, ஆறு மணிக்கு ஒலிக்க வேண்டிய நினைவூட்டல். நான்காவதுதான் பலருக்கும் தெரியாதது: 'இவருடைய அம்மாவுக்குத் தைராய்டு இருக்கிறது' என்று உதவியாளர் தனியாக எழுதி வைத்துக்கொள்ளும் நினைவுக் குறிப்பு. நினைவூட்டல் இல்லாமல் கேட்ட வேலை நடக்காது. அதைச் சேமிப்பதில் யாருக்கும் மனக்குறை இருக்காது. மற்ற மூன்றும் மணி ஒலித்த பிறகு தேவையில்லை. அப்படியிருக்க, நான்குக்கும் சேர்த்து ஒரே 'ஏற்கிறேன்' கேட்பது எப்படிச் சரியாகும்? அதிலும் அந்த நான்காவது குறிப்பு, ஒப்புதலே கேட்கப்படாத இன்னொருவரின் உடல்நிலை.

இவற்றைப் பிரித்துக் காட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய வழக்குகள் இருக்கின்றன. 2023-இல் அமேசானின் அலெக்ஸா மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று, பெற்றோர் குழந்தையின் குரல் பதிவை அழிக்கச் சொன்ன பிறகும் எழுத்து வடிவம் அழியாமல் இருந்தது என்பது. அது 2.5 கோடி டாலர் அபராதத்தில் முடிந்தது. கூகுளில் 'லொகேஷன் ஹிஸ்டரி'யை நிறுத்தினாலும் வேறொரு செட்டிங்கின் வழியாக இருப்பிடம் பதிவானது 2018-இல் வெளியே வந்தது. 2022-இல் 40 அமெரிக்க மாநிலங்களுடன் 39.15 கோடி டாலருக்கு உடன்பாடு செய்தார்கள். இரண்டிலும் அழிக்கவோ நிறுத்தவோ வழி இருக்கத்தான் செய்தது. ஆனால் பயனர் எதை நிறுத்தியதாக நினைத்தாரோ, அது முழுதாக நிற்கவில்லை.

நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி, ஒரு காலக்கெடு, ஒரு சுவிட்ச் கொடுங்கள். வேலைக்குத் தேவையில்லாதவை தொடக்கத்திலேயே அணைந்திருக்கட்டும். திரையில் இப்படி இருக்கலாம்: "உங்கள் குரல் பதிவு: எழுத்தாக மாற்றியதும் அழிப்போம். வைத்திருக்க விரும்பினால் இதை இயக்கவும்." அடுத்த வரி: "உங்களைப் பற்றிய குறிப்புகள்: இதை இயக்கினால் பெயர், குடும்பம், உடல்நலம் போன்றவற்றை நீங்கள் அழிக்கும் வரை நினைவில் வைப்போம். அணைத்தால் அடுத்த முறை மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கும்." அணைத்தால் வரும் அசௌகரியத்தை உள்ளபடி சொல்லுங்கள், பயமுறுத்த வேண்டாம்.

அணைத்த அடுத்த நொடியில் இன்னொரு கேள்வி வர வேண்டும்: "ஏற்கெனவே உள்ள குறிப்புகளையும் அழிக்கவா?" நிறுத்துவது வேறு, அழிப்பது வேறு. சாட்ஜிபிடியில் ஓர் உரையாடலை அழித்தாலும் அதிலிருந்து சேமித்த நினைவுக் குறிப்பு அழியாது, அதைத் தனியாகத்தான் அழிக்க வேண்டும். இது உதவிப் பக்கத்தில் இருந்தால் போதாது, அழிக்கும் பட்டனுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். திரும்பப் பெற முடியாத ஒன்றும் உண்டு: பேச்சை வைத்து மாடலைப் பயிற்றுவித்துவிட்டால், அணைப்பதால் அந்த மாடலிலிருந்து அதை உருவி எடுத்துவிட முடியாது. எனவே பயிற்சிக்கான ஒப்புதலைத் தனியாக, முன்கூட்டியே கேளுங்கள்.

இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவும் இதையொட்டியே பேசுகிறது. ஒப்புதல் தருவது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அதற்கு ஈடாக எளிதாக இருக்க வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் படிக்கும் வசதியும் வேண்டும். தமிழ் அதில் ஒன்று. விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன, ஒப்புதல் பற்றிய பகுதிகளுக்கு 18 மாத அவகாசம். ஒரு தட்டலில் ஏற்க வைத்துவிட்டு, அணைப்பதை ஐந்து மெனுவுக்குள் புதைத்திருப்பவர்கள் அதற்குள் மாற்றியாக வேண்டும்.

வெளியிடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் குழுவில் இல்லாத ஒருவரிடம் தமிழ்த் திரையைக் காட்டி, மூடிவிட்டுக் கேளுங்கள்: "அந்த மாத்திரைப் பேச்சில் அடுத்த மாதம் என்னென்ன மிச்சம் இருக்கும்? எங்கே போய் அழிப்பீர்கள்?" அவர் தயங்கினால் வாசகத்தை மாற்றுங்கள். சரியாகச் சொல்லிவிட்டால் அப்புறம் உங்கள் நிரலாளரை அழைத்து, எல்லாவற்றையும் அணைத்து அழித்த ஒரு சோதனைக் கணக்கின் தரவுத்தளத்தைத் திறந்து, 'தைராய்டு' என்று தேடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு பயன்பாட்டுச் சோதனையாளர்