வான் எங்கே நிற்கும், எத்தனை மணிக்கு

அன்பு மச்சான்,

உன் அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது என்று கேட்டுச் சந்தோஷம். டொக்டர் சம்மதித்தால் அவரும் கதிர்காமம் வரட்டும், இடம் வைத்திருக்கிறேன்.

நேற்று வான்காரரோடு அரைமணி நேரம் கதைத்தேன். போனமுறை பட்ட பாட்டுக்கு அது தேவைதான். அன்றைக்கு நான் 'கல்லடிப் பாலத்தடி' என்று மட்டும் சொல்லிவிட்டேன். பெரியம்மாவும் மாமியும் பழைய பாலத்தடியில் இருட்டில் நிற்க, வான் புதுப்பாலத்தைத் தாண்டி நின்றது. போன் பெரியம்மாவின் பையின் அடியில். இருபத்தைந்து நிமிடம் போய்விட்டது. களுவாஞ்சிகுடியில் ரோட்டோரம் காத்திருந்த சித்தப்பாவுக்குக் கால் வீங்கிவிட்டது. அவர் முகம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

இந்தமுறை இடத்தோடு பக்கத்தையும் சொல்லிவிட்டேன். தெற்கே போகும் வான் ரோட்டின் இடப்பக்கம், அதாவது கடல் பக்கம்தான் நிற்கும். கதவும் அந்தப் பக்கம்தான். ஆகவே எல்லோரும் கடல் பக்கமே நிற்கவேண்டும், ஒருவரும் ரோட்டைக் கடக்கக் கூடாது. திரும்பி வரும்போது வாவிப் பக்கம் இறங்குவார்கள். அப்போது கைபிடித்துக் கடத்த ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வரவேண்டும். அதையும் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

நேரத்தையும் புறப்படும் நேரமாகவே சொன்னேன். கல்லடியில் 4.30 என்றால் வான் 4.15க்கு வந்து நிற்கும். வயதானவர் ஒருவர் ஏறி, பை வைத்து, உட்கார நாலைந்து நிமிடம் ஆகும். மூன்று பேர் என்றால் கால் மணி நேரம். முதல் படி உயரம், அதனால் ஒரு சின்ன முக்காலி கொண்டுவரச் சொன்னேன். ஆரையம்பதி 4.55, களுவாஞ்சிகுடி 5.40, உன் இடம் அக்கரைப்பற்று 6.45. பழைய கணக்கில் ஏறும் நேரத்தைச் சேர்க்கவே இல்லை. ஒரு இடத்தில் பிந்தியது அடுத்த இடத்தில் கூடிக்கொண்டே போனது அதனால்தான்.

உங்கள் ஒழுங்கைக்குள் வானைத் திருப்ப முடியாது என்கிறார். அம்மாவை ஒழுங்கைத் தலைப்புக்குக் கூட்டிவர ஓட்டோவை முதல்நாளே பேசி வை. அங்கே ஒரு கதிரையும் போட்டுவிடு. அம்மா சீனிக்குக் குளிசை எடுப்பவர், பொத்துவிலில்தான் காலைச் சாப்பாடு. குளிசையை எப்போது போடுவது என்று டொக்டரிடம் கேட்டுச் சொல்லு, தேவைப்பட்டால் சாப்பாட்டுக்கு வானை முன்னாடியே நிறுத்தச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வான்காரருக்குத் திரும்ப கோல் எடுப்பேன். 'விளங்கிச்சுதா' என்று கேட்டால் 'ஓம்' என்றுதான் சொல்வார். ஆகவே நான் சொல்லமாட்டேன், இடம், பக்கம், நேரம், ஆட்கள், யாருடைய போன் எல்லாவற்றையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்வேன். உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். களுவாஞ்சிகுடியை விட்டதும் உனக்கு அடிப்பார், அதற்கேற்ப நேரம் பார்த்து அம்மாவை ஓட்டோவில் ஏற்று.

டொக்டர் சொன்னதை எழுது.

அன்புடன்,
உன் மச்சான்