புள்ளியும் உகரமும் தொலைந்த தலைப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தான் அனுப்பிய மின்னஞ்சலின் தமிழ்த் தலைப்பு கைப்பேசியின் ‘அனுப்பியவை’ பட்டியலில் மட்டும் சிதைந்து தெரிகிறது என்று ஒரு வாசகர் சென்ற இதழின் கணினிக் கேள்வி-பதில் பகுதியில் கேட்டிருந்தார். தமிழ் எழுத்துருவை நிறுவிக்கொள்ளுங்கள் என்று பதில் சொல்லியிருந்தீர்கள். அது அவருக்கு உதவாது. எழுத்துரு இல்லையென்றால் வெற்றுக் கட்டங்கள்தான் தெரியும். அவர் எழுதியிருந்ததோ à®, à¯ என்று திரும்பத் திரும்ப வரும் எழுத்துகள். அதற்குக் காரணம் வேறு. அதே தொல்லையில் நானும் சிக்கினேன் என்பதால் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் சங்கத்தின் செயலாளராக, ‘ஆண்டுக் கூட்டம்’ என்ற தலைப்பில் உறுப்பினர்களுக்குக் கணினியிலிருந்து ஓர் அஞ்சல் அனுப்பினேன். கணினியில் எல்லாம் சரியாக இருந்தது. மாலையில் கைப்பேசிச் செயலியில் அதே கணக்கைத் திறந்தால், அனுப்பியவை பட்டியலில் ‘ஆண்டு’ என்ற சொல் இப்படி நின்றது:

```
ஆணà¯à®Ÿà¯
```

எல்லோருக்கும் இப்படித்தான் போயிருக்கும் என்று பதறினேன். அந்தச் சிதைந்த அஞ்சலையே கைப்பேசியில் திறந்து, அதற்கு மறுமொழியாக ‘தலைப்பைப் பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று எல்லோருக்கும் ஒரு வரி அனுப்பினேன். அதுதான் நான் செய்த பெரிய தவறு. முதல் அஞ்சல் அவர்களிடம் நல்ல தமிழிலேயே போய்ச் சேர்ந்திருந்தது. என் மறுமொழிதான் சிதைந்த தலைப்போடு போனது. அதன் பிறகு வந்த பதில்கள் எல்லாமே அந்தத் தலைப்பையே சுமந்துகொண்டு வந்தன.

அனுப்பிய அஞ்சலும் அனுப்பியவை பட்டியலில் கிடக்கும் அஞ்சலும் ஒன்றே என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். பல மென்பொருள்களில் அவை தனித்தனி. அஞ்சலை ஒரு வழியில் வெளியே அனுப்பிவிட்டு, அதன் படி ஒன்றை வேறொரு வழியில் பட்டியலில் போட்டுவைக்கிறது மென்பொருள். என் கணினி மென்பொருள் வெளியே போன அஞ்சலில் தலைப்பை முறைப்படி பொதிந்திருந்தது. தனக்கென வைத்துக்கொண்ட படியில் பொதியாமல் வெறும் பைட்டுகளாக எழுதிவிட்டது. எழுதிய மென்பொருளுக்கு அது யூடிஎஃப்-8 என்ற குறியாக்கம், அதாவது எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் முறை, என்று தெரியும், அதனால் தான் திறக்கும்போது சரியாகக் காட்டும். கைப்பேசிச் செயலிக்கு அதைச் சொல்ல யாருமில்லை. அஞ்சலின் உடல் பகுதிக்கு அது எந்தக் குறியாக்கம் என்று தெரிவிக்கும் வரி ஒன்று உண்டு. தலைப்பு வரிக்கு அப்படி எதுவும் இல்லை. உள்ளே தமிழ் ஒழுங்காக இருக்க, தலைப்பு மட்டும் கெடுவது இதனால்தான்.

இதற்கான விதி 1996-இலேயே ஆர்எஃப்சி 2047 என்ற இணையத் தர ஆவணமாக வந்துவிட்டது. தலைப்பில் ஆங்கிலம் அல்லாத எழுத்து வந்தால், குறியாக்கத்தின் பெயரையும் சேர்த்து ஆஸ்கி எனும் அடிப்படை ஆங்கில எழுத்துகளாகப் பொதிய வேண்டும் என்பது அதன் சாரம். சரியாகப் பொதிந்த ‘ஆண்டு’ மூல வடிவில் இப்படி இருக்கும்:

```
Subject: =?UTF-8?B?4K6G4K6j4K+N4K6f4K+B?=
```

ஆ, ண, புள்ளி, ட, உகரக்குறி என ஐந்து குறிகள். ஒவ்வொன்றும் மூன்று பைட், பொதிந்தபின் நான்கு எழுத்து. இப்படிப் பொதிந்த தமிழ்த் தலைப்பு, தமிழெழுத்தில் தொடங்கினால், `4K6` என்றே ஆரம்பிக்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு, ‘மூலத்தைக் காட்டு’ என்ற வசதி உள்ள ஏதாவது ஒரு மென்பொருளில் மூன்று அஞ்சல்களையும் திறந்து பார்த்தேன். உறுப்பினர் ஒருவருக்குக் கிடைத்த முதல் அஞ்சலில் `4K6` இருந்தது. என் அனுப்பியவை படியில் பொதியே இல்லை. என் மறுமொழியிலோ இப்படி:

```
Subject: Re: =?UTF-8?B?w6DCruKAoMOg...
```

கைப்பேசிச் செயலி வெறும் பைட்டுகளை விண்டோஸ்-1252 என்ற மேற்கு ஐரோப்பியக் குறியாக்கமாக ஊகித்து, ஒவ்வொரு பைட்டையும் ஓர் எழுத்தாகப் படித்திருக்கிறது. நான் மறுமொழியை அழுத்தியதும், அந்தத் தவறான எழுத்துகளைப் பிசகில்லாமல் முறைப்படி பொதிந்து அனுப்பிவிட்டது. அதுவரை பார்வையில் இருந்த பிழை அப்போதுதான் அஞ்சலுக்குள்ளேயே ஏறியது. இனி எந்த மென்பொருளில் திறந்தாலும் அப்படித்தான் தெரியும். மூலத்தில் `w6DCr` என்று தொடங்கினால் கெட்டுப்போனதை யாரோ பொதிந்து அனுப்பியிருக்கிறார்கள் என்று அறியலாம்.

சிதைந்ததைத் திரும்பப் பெற முடியுமா? எழுத்துகளை விண்டோஸ்-1252 பைட்டுகளாக மாற்றி, யூடிஎஃப்-8 ஆகப் படித்தால் போதும் என்பார்கள். பல மொழிகளில் அது பலிக்கும். தமிழுக்கு இங்கே ஒரு தனிச் சங்கடம். விண்டோஸ்-1252 குறியாக்கத்தில் 81, 8D, 8F, 90, 9D ஆகிய ஐந்து இடங்களுக்கு எழுத்தே கிடையாது. யூடிஎஃப்-8 இல் உகரக்குறியின் கடைசி பைட் 81, புள்ளியின் கடைசி பைட் 8D. நாம் மிகுதியாக எழுதும் இரண்டு குறிகளும் போய் விழுவது அந்த ஓட்டைகளில்தான்! ஏ, ஐ இரண்டும் 8F, 90 என்று அதே கதிக்கு ஆளாகின்றன. சில மென்பொருள்கள் அந்த பைட்டைக் கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறியாக வைத்திருக்கும், அப்போது மீட்கலாம். அது உதிர்ந்துவிட்டால் புள்ளியும் உகரமும் ஒன்றுபோல வெறும் à¯ ஆகிவிடும். மேலே நான் காட்டிய வரியைப் பாருங்கள், அதில் à¯ இரண்டு முறை வருகிறது. முதலாவது புள்ளி, இரண்டாவது உகரம் என்று எந்தக் கருவியும் சொல்லாது. தமிழ் தெரிந்தவர் ஒவ்வொரு சொல்லாக உட்கார்ந்து ஊகிக்கத்தான் வேண்டும். தலைப்பு முழுவதும் கேள்விக்குறிகளாக வந்திருந்தால் அதற்கும் வழியில்லை. அந்த பைட்டுகள் மாற்றத்தின்போதே போய்விட்டன.

மென்பொருள் செய்தவர்களுக்கு எழுதியபோது, தலைப்பில் யூடிஎஃப்-8 ஐ நேரடியாக எழுதலாம் என்று 2012-இல் புதிய விதி வந்துவிட்டதே என்று பதில் வந்தது. ஆர்எஃப்சி 6532 அப்படிச் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த வகை அஞ்சலைக் கையாள முடியும் என்று மறுமுனையும் சம்மதித்திருக்க வேண்டும். யாரையும் கேட்காமல் எழுதிவைப்பதற்கு அந்த விதி இடம் தரவில்லை. மூன்று மூல வரிகளையும் அப்படியே ஒட்டி மறுபடி எழுதினேன். பிறகே குறையை ஒப்புக்கொண்டார்கள்.

அதுவரைக்கும் எனக்குக் கைகொடுத்தது ஓர் அமைப்பு மாற்றம். அனுப்பும் அஞ்சலின் படியைச் சில அஞ்சல் சேவைகள் தாமாகவே அனுப்பியவை பட்டியலில் வைத்துக்கொள்கின்றன. அப்படியானால் மென்பொருள் தனியாகப் படி வைக்கும் வசதியை அணைத்துவிடலாம். சேவை வைப்பது வெளியே போன அஞ்சலின் படி, அதில் தலைப்பு ஒழுங்காகப் பொதிந்திருக்கும். அணைத்தபின் உங்களுக்கே ஓர் அஞ்சல் அனுப்பிப் பாருங்கள். சேவை படி வைக்காத ஒன்றாக இருந்தால் அனுப்பியவை பட்டியலில் எதுவுமே இருக்காது, அப்போது மறுபடி இயக்கிவிட வேண்டியதுதான்.

சிதைந்த தலைப்போடு வந்த அஞ்சலுக்குப் பதில் எழுதும்போது, ‘Re:’ க்குப் பின்னால் உள்ளதை முழுவதும் அழித்துவிட்டுத் தலைப்பைப் புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள். எங்கள் சங்கத்தில் ஒருவர் அப்படிச் செய்த பிறகுதான் தொடர் பதில்கள் தமிழுக்குத் திரும்பின.

அந்த வாசகருக்குத் தந்த பதிலை அடுத்த இதழில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். அவர் இன்னமும் எழுத்துருக்களைத் தேடிக்கொண்டிருக்கக்கூடும்.

இப்படிக்கு,
சங்கச் செயலாளராக இருக்கும் ஒரு வாசகர்