ஒரு நர்ஸ், நாற்பத்திநாலு நோயாளி

ஆசிரியர் அவர்களுக்கு,

போன கிழமை உங்கட பத்திரிகையில "தாதியின் கவனயீனம்" எண்டு தலைப்புப் போட்டு, நர்ஸ் நோயாளியைச் சரியாப் பாக்கேல்ல எண்டு குற்றம் சொல்லி, திருகோணமலைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒண்டைப் பத்தி வந்த செய்தி வாசிச்சனான். நானும் முப்பது வருஷம் நர்ஸா இருந்து பென்ஷன் எடுத்தவள்தான், அதால எனக்கு கோவம் வந்தது உண்மை, ஆனா கோவத்தில இதை எழுதேல்ல.

மாரிக்கு என்ர அண்ணன்ட மகனை டெங்குவில ஒரு ஆஸ்பத்திரியில வச்சிருந்தம், பேர் வேண்டாம். நாலு ராத்திரி நான்தான் பக்கத்தில நிண்டனான். டெங்குவில காய்ச்சல் விடுற நேரம்தான் பயம், 2017 இல கிண்ணியா பட்டபாட்டை மறந்திருக்க மாட்டியள். அந்தக் கட்டத்தில மணித்தியாலத்துக்கு ஒருக்கா நாடி, பிரஷர், சிறுநீர் எவ்வளவு போச்சு எண்டெல்லாம் பாத்து எழுதவேணும், பிரஷர்ல மேல் இலக்கத்துக்கும் கீழ் இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் 20 க்கு இறங்கினா ஆள் ரத்த ஓட்டம் குறைஞ்சு ஷொக்குக்குப் போறான் எண்டு அர்த்தம், ஆனா பொடியன் கதைச்சுக்கொண்டுதான் இருப்பான், பாத்தா ஒண்டும் தெரியாது. ஒராளுக்கு இதெல்லாம் செய்ய பத்து நிமிஷம் எண்டு வையுங்கோ. ஆறு பேர் அந்தக் கட்டத்தில இருந்தா ஒரு நர்ஸுக்கு மணித்தியாலம் முழுக்க அதோட சரி. மற்ற ஆக்களின்ர ஊசி, சேலைன், புதுசா வாற அட்மிஷன் எல்லாம் ஆர் பாக்கிறது?

நான் பழைய பழக்கத்தில ஒரு கொப்பியில குறிச்சனான். ராத்திரி டியூட்டி பின்னேரம் 7 மணியில இருந்து காலமை 7 மணி வரைக்கும், அப்ப எங்கட பிள்ளைக்கு 12 தரம் பாக்கவேணும். ரெண்டு நர்ஸ் நிண்ட ரெண்டு ராத்திரியும் 11 தரமும் 12 தரமும் பாத்தவை. மற்ற ரெண்டு ராத்திரியும் ஒராளை வேற வோர்டுக்கு அனுப்பிப்போட்டினம், வோர்டில 41 பேர், அடுத்த நாள் 44 பேர், தனிய ஒரு நர்ஸ் பிள்ளை. அண்டைக்கு 7 தரமும் 6 தரமும்தான் பாக்க முடிஞ்சுது. அதே வோர்ட், அதே நர்ஸ் பிள்ளையள், நர்ஸ் எண்ணிக்கை மட்டும்தான் மாறினது. இதைக் கவனயீனம் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்ல.

வீடியோ எடுத்து பேஸ்புக்கில போடுவம் எண்டு அண்ணன் நிண்டவர், நான் விடேல்ல. போட்டா அந்த நர்ஸ் பிள்ளைக்குத்தான் விசாரணை வரும், ராத்திரிக்கு அதுக்குப் பிறகும் ஒராள்தான் நிப்பா. அதுக்குப் பதிலா ஒரு பக்கக் கடிதம் எழுதினம். திகதி, நோயாளி எண்ணிக்கை, நர்ஸ் எண்ணிக்கை, எத்தனை தரம் பாத்தது, அவ்வளவுதான், ஒருத்தரின்ர பேரும் இல்லை. நாலு ராத்திரி, ஒரு நோயாளியை வச்சுச் சொல்லுறம் எண்டும் மறைக்காமல் எழுதினம். 2014 இல லான்செட் மருத்துவ சஞ்சிகையில வந்த ஆய்வையும் ஒரு வரி சேர்த்தம்: ஒன்பது ஐரோப்பிய நாட்டில ஒப்பரேஷன் செய்த ஆக்களைப் பாத்ததில, ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடக் கூட 30 நாளுக்குள்ள சாகிற வாய்ப்பு 7 வீதம் கூடியிருக்கு. அது ஐரோப்பா, எங்கட வோர்டு இல்லை எண்டு பதில் வரும் எண்டு தெரியும், அதாலதான் ஒரு வரியோட விட்டம்.

அடுத்தது ஆருக்கு அனுப்புறது. இதிலதான் சனம் பிழை விடுறது, எடுத்தவுடன எம்பிக்குக் குடுக்கும், இல்லாட்டி வோர்ட் சிஸ்டரோட சண்டைக்குப் போகும். சிஸ்டரிட்ட இருக்கிற ஆள்தானே இருக்கு, அவ எங்க போய்ப் பிடிக்கிறது? ராத்திரியில டெங்கு வோர்டில இருந்து ஆள் எடுக்கக்கூடாது எண்டு மேட்ரனும் ஆஸ்பத்திரிப் பொறுப்பாளரும் சேந்து முடிவெடுக்கலாம், அதனால அந்தக் கோரிக்கை அவைக்கு. ஆனா வெற்றிடம் நிரப்புறது அவையின்ர கையில இல்லை, நர்ஸ் நியமனம் கொழும்பு சுகாதார அமைச்சாலதான் வாறது. அதால ரெண்டாவது கோரிக்கையை மாகாண சுகாதாரப் பணிப்பாளர் வழியா அமைச்சுக்கு எழுதினம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவலுக்கான உரிமைச் சட்டத்தில, அந்த ஆஸ்பத்திரிக்கு அனுமதிச்ச நர்ஸ் எத்தனை, இப்ப வேலை செய்யிறது எத்தனை எண்டு தனியாக் கேட்டம், 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லவேணும் எண்டு சட்டத்தில இருக்கு.

முதல் கோரிக்கைக்குப் பலன் கிடைச்சுது, இப்ப டெங்கு வோர்டில ராத்திரிக்கு ரெண்டு பேருக்குக் குறையாமல் நிக்கினம் எண்டு கேள்விப்பட்டன். அமைச்சில இருந்து கடிதம் கிடைச்சது எண்டு ஒரு துண்டு மட்டும்தான் வந்தது. அனுமதிச்ச ஆளணிக்கும் இருக்கிற ஆளணிக்கும் உள்ள இடைவெளி எங்களுக்குக் கையில வந்தோன்ன உங்களுக்கு அனுப்புறன். அதை, "தாதியின் கவனயீனம்" போட்ட அதே பக்கத்தில, அதே அளவு எழுத்தில போடுவியளோ?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை