சகரியா பேசாத நான்கு வாரம்

அன்பு மகளுக்கு,

கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு வாரமும், அட்வென்ட் நாட்களில், பிள்ளைகளோடு வீட்டில் என்ன வாசிப்பது என்று கேட்டிருந்தாய். ஏசாயா, மீகா, மத்தேயு என்று தினம் ஓர் இடத்துக்குத் தாவாதே. லூக்கா முதல் அதிகாரம் ஒன்றே போதும். எண்பது வசனங்கள். ஆலயத்தில் சகரியா, மரியாளிடம் வரும் தூதன், எலிசபெத்தின் வீடு, யோவான் பிறப்பு என்று அதுவே நான்காகப் பிரிந்து நிற்கிறது.

முதல் வாரத்துக்கு 5 முதல் 25 வரை. ஞாயிறு 5-7, திங்கள் 8-10, செவ்வாய் 11-13, புதன் 14-17, வியாழன் 18-20, வெள்ளி 21-22, சனி 23-25. ஒரு நாளைக்கு ஏறக்குறைய மூன்று வசனம், ஒரு வரி ஜெபம், அவ்வளவுதான். செவ்வாயன்று "உன் வேண்டுதல் கேட்கப்பட்டது" என்று தூதன் சொல்கிறான். அன்றைய ஜெபம் இப்படி இருக்கட்டும்: "ஆண்டவரே, நாங்கள் கேட்டுக் கேட்டு விட்டுவிட்டதையும் நீர் மறக்கவில்லை." வியாழனன்று சகரியா ஊமையாகிவிடுகிறார். அன்றிலிருந்து வாசித்து முடித்ததும் வாய்விட்டு ஜெபிக்காமல் ஒரு நிமிடம் சும்மா இருங்கள். சின்னவள் சிரிப்பாள், சிரிக்கட்டும்.

இரண்டாம் வாரத்தில் (26-38) பெரியவன் ஒன்று கேட்பான். நீயும் அந்த வயதில் கேட்டாய். மரியாளும்தானே கேள்வி கேட்டாள், அவளை ஏன் ஊமையாக்கவில்லை? பதறாமல் 18ஐயும் 34ஐயும் அடுத்தடுத்து வாசித்துக் காட்டு. அவர் "இதை எதினால் அறிவேன்" என்று அத்தாட்சி கேட்கிறார். அவள் "இது எப்படியாகும்" என்கிறாள். அதற்கு மேல் விளக்காதே. அன்று நான் கால்மணி நேரம் விளக்கினேன், நீ தூங்கிவிட்டாய். தினமும் அப்படியே நீண்டுபோய் அந்த வருஷம் பத்தாம் நாளோடு நின்றுபோனது.

மூன்றாம் வாரம் (39-56) எளிது. மரியாளின் பாட்டை ஆளுக்கு ஒரு வரியாக வாசியுங்கள்.

நான்காம் வாரத்தில்தான் தடுமாறுவோம். அது எப்போதும் முழு வாரமாக இருக்காது. கிறிஸ்துமஸ் திங்கட்கிழமை வந்தால் நான்காம் ஞாயிறே 24ஆம் தேதி, ஒரே நாள்தான். அதனால் 57 முதல் 80 வரை ஏழாக வெட்டி வைக்காதே. முதலில் காலண்டரைப் பார். ஒரே நாள் என்றால் 57-64ஐ மட்டும் வாசி. நாள் இருந்தால் சகரியாவின் பாட்டை 24ஆம் தேதி இரவுக்கு வைத்துக்கொள்.

63ஆம் வசனத்தில் அவர் பலகையில் "இவன் பேர் யோவான்" என்று எழுதுகிறார். அதைப் பெரியவனே ஒரு தாளில் எழுதட்டும். அடுத்த வசனத்தில் அவர் வாய் திறக்கிறது. அன்று ஜெபத்தைச் சத்தமாகச் சொல்லுங்கள். என்ன சொல்வது என்று நீ எழுதிக்கொடுக்க வேண்டாம், அவர்களே சொல்லட்டும். சின்னவள் என்ன சொன்னாள் என்று மட்டும் எனக்கு எழுது.

அம்மா