ரிசல்ட்டுக்கு முன்னாடி இருக்குற இந்த கடைசி வாரம்

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கம்.

ரெண்டு நாளா எனக்கு வர்ற ஃபோன்ல பாதி, "மேடம், நடுவுல நல்லாத்தான் இருந்தா, இப்ப திரும்ப தூங்கவே மாட்டேங்குறா"ன்னுதான் வருது. காத்திருக்குறதோட போக்கே அதுதாங்க. கேட் ஸ்வீனின்னு ஒரு சைக்காலஜி பேராசிரியர், கலிஃபோர்னியால வக்கீல் தேர்வு எழுதிட்டு கிட்டத்தட்ட 4 மாசம் ரிசல்ட்டுக்கு காத்திருந்தவங்கள தொடர்ந்து கவனிச்சாங்க. பரீட்சை முடிஞ்சதும் கவலை அதிகமா இருக்கு, நடுவுல தணியுது, ரிசல்ட் நெருங்குறப்ப திரும்ப ஏறுது. மனச அடக்குறதுக்கு அவங்க செஞ்ச முயற்சியெல்லாம் பெருசா உதவலையாம். அதனால "அதையே நினைக்காத"ன்னு சொல்லிச் சொல்லி நீங்களும் களைச்சுப் போகாதீங்க.

போன வருஷம் நம்ம பொண்ணு ஒருத்தி தினமும் மேத்ஸ் கொஸ்டின் பேப்பர வச்சுகிட்டு மார்க் கூட்டிப் பார்த்தா. முதல்ல 82 வந்துச்சு, நாலு நாள் கழிச்சு 74. பேப்பர் அதேதான், ஆனா என்ன எழுதினோம்ங்கிற ஞாபகம் மங்க மங்க சந்தேகமா இருக்குற கணக்குக்கெல்லாம் சைபர் போட்டுட்டே போனா, ஸ்டெப்புக்கு கிடைக்கிற மார்க்கையும் கணக்குல சேர்க்கல. அவங்க அம்மா பேப்பர எடுத்து உள்ள வச்சுட்டு, ராத்திரி சாப்பிட்டதும் கால் மணி நேரம் மட்டும் இதப் பத்தி பேசலாம்னு சொன்னாங்க. அந்த நேரத்துல மார்க் 80க்கு மேல வந்தா எந்த கோர்ஸ், 65ல இருந்து 80ன்னா எது, அதுக்கும் கீழன்னா எதுன்னு, அப்ளிகேஷன் கடைசி தேதியோட ஒரே தாள்ல எழுதினாங்க. மூணாவது வரிய எழுதத்தான் ரெண்டு பேருக்கும் கை வரல, ஆனா அத எழுதின ராத்திரிதான் பொண்ணு தூங்கினா.

பகல்ல சும்மா டிவி முன்னாடி உட்கார வைக்காதீங்க, கண்ணு அங்க இருந்தாலும் மனசு ரிசல்ட்லதான் இருக்கும். கொஞ்சம் கஷ்டமா, செய்யச் செய்ய முன்னேற்றம் தெரியுற வேலையா இருக்கணும், அந்தப் பொண்ணு கீபோர்டுல ஒரு பாட்டு வாசிக்க கத்துகிட்டா.

ஆனா பிள்ளை ரெண்டு மூணு நாளா சரியா சாப்பிடல, தூங்கல, இல்ல "நான் இருந்து என்ன"ங்கிற மாதிரி ஒரு வார்த்தை விட்டாலும் தனியா விடாதீங்க, ரிசல்ட் வரட்டும்னு பார்க்காம அன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, எனக்கும் எந்நேரமா இருந்தாலும் ஃபோன் பண்ணுங்க.

ரிசல்ட்ட யார் திறந்து பார்க்கணும், பக்கத்துல யார் இருக்கணும்னு பிள்ளையவே முன்னாடியே முடிவு பண்ண விடுங்க. சொந்தக்காரங்க ஃபோன நீங்க எடுங்க. சைட் திறக்கலன்னா ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்க, எல்லாரும் ஒரே நேரத்துல போறதால அப்படி ஆகும். மார்க் ரொம்ப கம்மியா தோணுற பாடம் இருந்தா திட்டுறதுக்கு முன்னாடி மறுகூட்டலுக்கு கடைசி தேதி என்னன்னு பாருங்க, அந்த அவகாசம் சீக்கிரம் முடிஞ்சிடும். அன்னைக்கு காலைல இருந்து நானும் கிளாஸ் டீச்சர்ஸும் ஸ்கூல்லதான் இருப்போம், அந்தப் பொண்ணு வீட்டுல எழுதின மாதிரி நீங்களும் ஒரு மூணு வரி தாள் எழுதி எடுத்துட்டு வாங்க.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்